கோட்டின் மேல் என்ன எழுதியிருக்கிறது?

எட்டாம் வகுப்பு நோட்டு ஒன்றில் இரண்டு கட்டங்கள். ஒன்றில் 'பறவை எச்சம்', இன்னொன்றில் 'பாசி'. இரண்டையும் சேர்த்து ஒரு கோடு. இது சரியா, தவறா?

டிக் போட்டுவிட்டுப் போகலாம். பறவை எச்சத்துக்கும் பாசிக்கும் தொடர்பு உண்டு என்பது உண்மைதான். ஆனால் அந்தக் கோட்டை வரைந்த பிள்ளையின் மனதில் என்ன இருந்தது? பாசி எச்சத்தைத் தின்கிறது என்றா, எச்சத்தின் மேல் பாசி படர்கிறது என்றா, எச்சம் உரமாகி அதில் பாசி வளர்கிறது என்றா? மூன்றையும் அந்த ஒரே கோடு தாங்கிக்கொள்கிறது. அதனால் அது எதையுமே சொல்லவில்லை.

கருத்து வரைபடம் என்று பள்ளிகளில் சொல்லப்படும் முறையின் சூட்சுமம் கட்டங்களில் இல்லை, இந்தக் கோட்டில்தான் இருக்கிறது. கட்டத்துக்குள் இருப்பவை வெறும் பெயர்கள். பாடப்புத்தகத்தில் தடித்த எழுத்தில் இருக்கும் சொற்களை யார் வேண்டுமானாலும் எடுத்து எழுதிவிடலாம். ஒரு பெயரிலிருந்து இன்னொரு பெயருக்குப் போகும் கோட்டின் மேல் 'தின்பது', 'தருவது', 'தடுப்பது' என்று ஒரு வினையை எழுதும்போதுதான், எழுதுகிறவர் ஏதோ ஒன்றைத் தெரிந்ததாகச் சொல்லிக்கொள்கிறார். சொன்னதால் அது தவறாகவும் இருக்க முடியும். அப்படித் தவறாவதற்கு இடம் இருப்பதுதான் இந்த முறையின் பலம்.

நம் ஊர்ப் பெற்றோர் பலருக்கு இதற்குப் பக்கத்து வீட்டுச் சொந்தமான மனவரைபடம் தெரிந்திருக்கும். தமிழ்நாட்டு நடுநிலைப் பள்ளிகளில் படைப்பாற்றல் கல்வி என்ற பெயரில் கற்பித்தல் முறை வந்தபோது, பிள்ளைகள் நடுவில் ஒரு தலைப்பை எழுதி, அதைச் சுற்றிக் கிளை கிளையாகப் பிரித்து, வண்ணம் தீட்டிக்கொண்டு வந்தார்கள். அதில் கோடுகளுக்குச் சொல் தேவையில்லை. நடுவிலிருந்து வெளியே போனால் போதும், ஒரு கிளைக்கும் அடுத்த கிளைக்கும் பேச்சுவார்த்தை இருக்காது. பாடத்தைச் சுருக்கி நினைவில் வைக்க அது உதவும். ஆனால் ஏரி, காடு, வயல் போன்ற சூழல் மண்டலத்துக்கு அந்த வடிவம் பொருந்துவதில்லை. ஏரிக்கு நடு என்று ஒன்று கிடையாது. மீனிலிருந்து பறவைக்கும், பறவையிலிருந்து நீருக்கும், நீரிலிருந்து மறுபடி மீனுக்கும் போய்க்கொண்டே இருக்க வேண்டும்.

கருத்து வரைபடம் எங்கிருந்து வந்தது என்பதைச் சொன்னால் இந்தப் பாடத்தின் இரண்டாவது பாதி, அதாவது பக்கத்தில் இருப்பவரிடம் விளக்குவது, ஏன் ஒட்டு வேலை அல்ல என்பது புரியும். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜோசப் நோவாக் என்ற கல்வியியல் பேராசிரியர், சிறு பிள்ளைகளுக்கு அறிவியல் கருத்துகள் எப்படிப் புரிகின்றன என்பதைப் பன்னிரண்டு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார். பிள்ளைகளை உட்காரவைத்துப் பேட்டி எடுப்பதுதான் வேலை. பேட்டிகள் கட்டுக்கட்டாகக் குவிந்தன. ஒரு பிள்ளை போன வருஷம் என்ன நினைத்தது, இந்த வருஷம் என்ன நினைக்கிறது என்று அந்தக் காகிதக் குவியலில் தேடிப் பிடிப்பது பெரும்பாடாக இருந்தது. அதனால் 1972இல் அவருடைய குழுவினர், பிள்ளை சொன்ன வாக்கியங்களை எடுத்து, கருத்துகளைக் கட்டங்களாகவும் அவற்றை இணைத்த சொற்களைக் கோடுகளாகவும் வரைந்து பார்த்தார்கள். பல பக்கப் பேச்சு ஒரே தாளில் அடங்கியது.

ஆக, முதலில் இருந்தது பேச்சு, பிறகுதான் படம். வகுப்பறைக்கு வந்தபோது பேச்சு விடுபட்டு, படம் மட்டும் தங்கிவிட்டது. பிள்ளைகள் அமைதியாக வரைகிறார்கள், ஆசிரியர் சேகரித்துக்கொண்டு போகிறார், அவ்வளவுதான். ஜோடியாக விளக்கும் பாடம், விடுபட்ட அந்தப் பேச்சைத் திரும்பக் கொண்டுவருகிறது.

ஒரு பாடத்தை முழுதாக நடத்திப் பார்ப்போம். செங்கல்பட்டு மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு வசதியான ஏரி, வேடந்தாங்கல். ஏறத்தாழ 30 ஹெக்டேர் பரப்புள்ள சின்ன ஏரி. வடகிழக்குப் பருவமழை பெய்து ஏரி நிரம்பினால், நீருக்குள் நிற்கும் நீர்க்கடம்பு மரங்களில் நத்தைகுத்தி நாரை, மஞ்சள் மூக்கு நாரை, நீர்க்காகம், வக்கா, அரிவாள் மூக்கன், கூழைக்கடா எல்லாம் வந்து கூடு கட்டும். பறவை எச்சம் கலந்த நீர் வயலுக்குப் பாய்கிறது, விளைச்சலுக்கு நல்லது என்று தெரிந்துகொண்ட ஊர்க்காரர்கள் தலைமுறை தலைமுறையாகப் பறவைகளைக் காத்து வருகிறார்கள். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில், பறவைகளைச் சுடக் கூடாது என்று அன்றைய கலெக்டர் லியோனல் பிளேஸிடம் உத்தரவே வாங்கிய ஊர் அது. 2022இல் அது ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தது. பாடத்துக்கு இந்த ஏரி ஏன் பொருத்தம் என்றால், இங்கே மனிதர்களும் வலைக்குள் இருக்கிறார்கள். பாடப்புத்தகக் குளத்தில் மனிதர் கரையில் நின்று வேடிக்கை பார்ப்பார், அல்லது மாசுபடுத்துவார். வேறு வேலை அவருக்குக் கொடுப்பதில்லை.

முதலில் தேவை ஒரு கேள்வி. 'வேடந்தாங்கல் ஏரி' என்று தலைப்புப் போட்டால் பிள்ளைகள் பட்டியல் போடுவார்கள். 'வேடந்தாங்கலுக்குப் பறவைகள் வராமல் போனால் என்னென்ன மாறும்?' என்று கேட்டால் காரணம் தேடுவார்கள். அந்தக் கேள்வி தாளின் தலையில் எழுதப்பட்டு, கடைசி வரை கண்ணில் பட வேண்டும்.

அடுத்தது சீட்டுகள். மழை, ஏரி நீர், சூரிய ஒளி, பாசி, மீன், நத்தை, நத்தைகுத்தி நாரை, நீர்க்காகம், நீர்க்கடம்பு, பறவை எச்சம், நுண்ணுயிர்கள், நெல் வயல், ஊர் மக்கள். பதின்மூன்று போதும். இருபதைத் தாண்டினால் நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகள் சீட்டுகளை அடுக்கியே களைத்துவிடுவார்கள். பழைய நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தில் சீட்டுகளைப் பரப்பி, நகர்த்தி, இடம் பிடித்த பிறகுதான் பென்சிலால் கோடு. பேனா கூடாது, அழிக்க வேண்டியிருக்கும். ஒவ்வொருவரும் தனித்தனியாக வரைய வேண்டும், புத்தகம் மூடியிருக்க வேண்டும். புத்தகம் ஏன் மூடியிருக்க வேண்டும் என்பதற்கு ஒரு காரணம் உண்டு, பின்னால் வருகிறேன்.

இங்கே தமிழில் மட்டும் வரும் ஒரு சிக்கல். ஆங்கிலத்தில் வினை இரண்டு பெயர்களுக்கும் நடுவில் வரும். அதனால் கட்டம், கோடு, கட்டம் என்று வரிசையாகப் படித்தாலே வாக்கியம் ஆகிவிடும். தமிழில் வினை கடைசிக்குப் போகும், நடுவில் வேற்றுமை உருபு வேறு வந்து ஒட்டிக்கொள்ளும். 'நாரை நத்தையைத் தின்னும்' என்பதை 'நாரை – தின்னும் – நத்தை' என்று எழுதினால், யார் யாரைத் தின்கிறார்கள் என்பதே தலைகீழாகிவிடும். தின்னும் நத்தை என்று படித்துவிடுகிறது பிள்ளை. இதற்கு எளிய வழி, கோட்டின் மேல் 'தின்பது' என்று எழுதுவது. நாரை தின்பது நத்தை. நாரை கூடு கட்டும் இடம் நீர்க்கடம்பு. ஏரி நீர் பாய்வது நெல் வயல். நேராகப் படித்தால் வாக்கியம் நிற்கிறது. ஆங்கிலக் கையேட்டிலிருந்து இந்தப் பாடத்தை அப்படியே எடுப்பவர்கள் இதைக் கவனிக்காமல் விட்டுவிட்டு, பிள்ளைகளுக்கு இணைப்புச் சொல் எழுத வரவில்லை என்று குறைப்படுகிறார்கள்.

சரி, வரைந்தாகிவிட்டது. ஒரு பாடவேளை அதற்கே போய்விடும். அடுத்த பாடவேளையில் பெஞ்சில் பக்கத்தில் இருப்பவரோடு ஜோடி. நாற்பது பேர் இருக்கும் வகுப்பிலும் மேசையை நகர்த்த வேண்டிய அவசியம் இல்லை. விதி இதுதான்: படத்தின் சொந்தக்காரர் தன் படத்தைத் தானே விளக்க ஆரம்பிக்கக் கூடாது. ஆரம்பித்தால் நன்றாகத் தெரிந்த கோடுகளை மட்டும் வேகமாகச் சொல்லிவிட்டு, சந்தேகமானவற்றைத் தாண்டிவிடுவார். அதனால் எந்தக் கோடு என்று விரலை வைப்பது கேட்பவரின் உரிமை. விரல் வைத்த கோட்டைச் சொந்தக்காரர் முழு வாக்கியமாகச் சொல்ல வேண்டும். கேட்பவர் மூன்று கேள்விகள் கேட்கலாம்: எப்படி? எப்படித் தெரியும்? அது இல்லாவிட்டால்?

இரண்டு மாணவிகளை எடுத்துக்கொள்வோம். ஒருத்தியின் தாளில் எச்சத்திலிருந்து பாசிக்கு ஓர் அம்பு. மேலே 'உணவாவது' என்று எழுதியிருக்கிறாள். பக்கத்துப் பெண் அதில் விரலை வைக்கிறாள். பேச்சு ஏறக்குறைய இப்படிப் போகும்.

"எச்சம் பாசிக்குச் சாப்பாடு."

"எப்படி? பாசிக்கு வாயா இருக்கு?"

"வாய் இல்ல. உறிஞ்சிக்கும். வயலுக்கு எரு போடுறோம்ல, அந்த மாதிரி."

"அப்ப சூரிய ஒளியில இருந்து பாசிக்கு ஒரு அம்பு போட்டிருக்கியே, அதுல 'உணவு தயாரிக்க உதவுவது'ன்னு எழுதியிருக்க. எச்சமே சாப்பாடுன்னா அது ஏன் தனியா தயாரிக்கணும்?"

"ரெண்டும் வேணும்."

"ரெண்டும் எதுக்கு?"

இந்த இடத்தில் பேச்சு நின்றுவிடும். நிற்க வேண்டும். செடிகொடிகள் மண்ணிலிருந்து உணவை எடுக்கின்றன, உரம் என்பது செடியின் சாப்பாடு என்ற எண்ணம் பிள்ளைகளிடம் மட்டும் அல்ல, பெரியவர்களிடமும் ஆழமாக வேரோடியிருக்கிறது. ஒளிச்சேர்க்கையின் சமன்பாட்டை மனப்பாடமாகச் சொல்லும் பிள்ளையும் இதை நம்பும். இரண்டும் அதன் தலையில் அருகருகே இருக்கின்றன, ஒன்றை ஒன்று சந்தித்ததே இல்லை. தேர்விலும் சந்திக்காது. ஏனென்றால் ஒளிச்சேர்க்கைக்கு ஒரு கேள்வி, உரத்துக்கு வேறொரு கேள்வி. ஒரே தாளில், ஒரே பாசியை நோக்கி வரும் இரண்டு அம்புகளாக வந்து நின்றபோதுதான் மோதல் தெரிகிறது. அதுவும் தோழி கேட்டதால்.

பாசி தன் உணவை, அதாவது சர்க்கரையை, ஒளியின் துணையோடு நீரிலிருந்தும் கார்பன் டை ஆக்சைடிலிருந்தும் தானே செய்துகொள்கிறது. எச்சத்திலிருந்து அதற்குக் கிடைப்பது நைட்ரஜன், பாஸ்பரஸ் போன்ற சத்துகள். உடம்பைக் கட்டுவதற்கு அவை வேண்டும், ஆனால் அவற்றை எரித்து உயிர்வாழ முடியாது. 'உணவாவது' என்ற சொல்லை அழித்துவிட்டு 'தருவது' என்று எழுதினால் முக்கால்வாசி சரியாகிவிடும்.

முக்கால்வாசிதான். அதே தாளின் ஓரத்தில் 'நுண்ணுயிர்கள்' சீட்டு எதனுடனும் சேராமல் தனியாகக் கிடக்கிறது. சூழல் மண்டலப் படங்களில் பெரும்பாலும் அனாதையாவது இந்தச் சீட்டுத்தான். கண்ணுக்குத் தெரியும் மீனும் நாரையும் முதலில் இணைந்துவிடும். ஆசிரியர் இந்த இடத்தில் விடை சொல்லாமல் ஒரு கேள்வியை மட்டும் போட்டுவிட்டு நகரலாம்: எச்சத்தில் வெள்ளையாக இருக்கிறதே, அது என்ன? அது யூரிக் அமிலம். பறவைகள் கழிவு நைட்ரஜனைச் சிறுநீராக அல்லாமல் இந்த வெள்ளைப் பசையாக வெளியேற்றுகின்றன. அது நீரில் எளிதில் கரையாது. நுண்ணுயிர்கள் அதைச் சிதைத்து அம்மோனியாவாக மாற்றிய பிறகுதான் பாசிக்கும் நெல்லுக்கும் அந்த நைட்ரஜன் வாகாகக் கிடைக்கிறது. அனாதைச் சீட்டு எச்சத்துக்கும் பாசிக்கும் நடுவில் போய் உட்கார்ந்துகொள்கிறது. நல்ல ஜோடியாக இருந்தால் 'சத்து' என்று பதினான்காவது சீட்டு ஒன்றைத் தாங்களே கிழித்து எழுதுவார்கள். எச்சம் சிதைவது நுண்ணுயிர்களால். நுண்ணுயிர்கள் வெளிவிடுவது சத்து. சத்து சேர்வது பாசியிலும் நெல்லிலும். கொடுக்காத சீட்டைப் பிள்ளை கேட்டு வாங்குகிறது என்றால், அங்கே பாடம் நடந்திருக்கிறது.

மூன்றாவது கேள்வியான 'அது இல்லாவிட்டால்?' வேறு வகையில் வேலை செய்கிறது. மழைச் சீட்டின் மேல் கையை வைத்து மறைத்துவிட்டு, இப்போது சொல் என்கிறாள் தோழி. மழை இல்லை, ஏரியில் நீர் இல்லை, மீன் இல்லை, பறவைக்குச் சாப்பாடு இல்லை, பறவை வராது. சங்கிலி போல ஒரே வழியில் இறங்கி முடிந்துவிடுகிறது பதில். பெரும்பாலான பிள்ளைகள் ஒரு வழியில் மட்டுமே பயணம் செய்வார்கள், பாடப்புத்தகத்து உணவுச் சங்கிலி அப்படிப் பழக்கிவிட்டது. ஆனால் நத்தைகுத்தி நாரை ஏரியில் மட்டும் மேய்வதில்லை, சுற்றுவட்டாரத்து வயல்களிலும் வேறு ஏரிகளிலும் போய் நத்தை பொறுக்கிக்கொண்டு வருகிறது. அங்கே சாப்பாடு இருந்தாலும் வேடந்தாங்கல் ஏரி வறண்டிருந்தால் அது கூடு கட்டாது. ஏன்?

நீர்க்கடம்புக்கும் ஏரி நீருக்கும் நடுவே பிள்ளைகள் போட்டிருக்கும் கோட்டைப் பார்த்தால் 'வளர உதவுவது' என்று இருக்கும். மரத்துக்கு நீர் வேண்டும், சரிதான். ஆனால் இந்த ஏரியில் அந்தக் கோட்டின் முக்கியமான பொருள் வேறு. மரத்தைச் சுற்றி நீர் நிற்பதால் பூனை, நரி போன்றவை கூட்டை எளிதில் நெருங்க முடியாது. நீர் இங்கே அகழி. 'ஏரி நீர் காப்பது கூடு' என்று ஒரு புதுக் கோடு விழுந்தால், சாப்பாட்டு வழியாக மட்டும் ஓடிக்கொண்டிருந்த படம் திடீரென்று அகலமாகிறது. சூழல் மண்டலம் என்றால் யார் யாரைத் தின்கிறார்கள் என்பது மட்டும்தான் என்ற நினைப்பு அங்கே உடைகிறது.

நாரை வெளியே மேய்கிறது என்ற தகவலைப் படத்தில் சேர்த்தால் இன்னொன்றும் தெரியும். வயலில் நத்தை, நத்தையைத் தின்பது நாரை, நாரை போடுவது எச்சம், எச்சம் விழுவது ஏரியில், ஏரி நீர் பாய்வது வயலில். அம்புகள் வட்டமாகி, புறப்பட்ட இடத்துக்கே வந்துவிட்டன. பல மைல் தூரத்தில் சிதறிக் கிடந்த சத்தைப் பறவைகள் சேர்த்துக்கொண்டு வந்து ஓர் ஏரியில் கொட்டுகின்றன, மதகு வழியாக அது வேடந்தாங்கல் வயலுக்குப் போகிறது. ஊர் மக்கள் ஏன் கலெக்டரிடம் போனார்கள் என்பதற்கு அந்த வட்டமே விடை. இப்போது சூரிய ஒளிக்கு அப்படி ஒரு வட்டம் வரைய முடியுமா என்று கேட்டால் முடியாது. சத்து சுற்றி வரும், ஆற்றல் வெப்பமாக வெளியேறிப் போய்விடும். பாடப்புத்தகத்தில் ஒரு வரியாக இருக்கும் இந்த வேறுபாடு, வரைந்து பார்த்த பிள்ளைக்குத் தன் விரலால் தடவிப் பார்த்ததாக இருக்கும்.

அம்பின் திசை பற்றியும் சொல்லியாக வேண்டும், இந்தப் பாடத்தில் அதிகம் குழப்புவது அதுதான். உணவு வலைப் படத்தில் அம்பு நத்தையிலிருந்து நாரைக்குப் போகும். ஆற்றல் போகும் திசை அது. கருத்து வரைபடத்தில் 'நாரை தின்பது நத்தை' என்று எழுதினால் அம்பு நாரையிலிருந்து நத்தைக்குப் போகும். வாக்கியம் படிக்கும் திசை அது. இரண்டும் சரி. ஆனால் போன வாரம் உணவு வலை வரைந்த பிள்ளை, இந்த வாரம் இதை வரைந்தால் தடுமாறத்தான் செய்யும். உணவு வலையின் அம்பை 'தின்கிறது' என்று படிக்கும் பழைய பிழையும் இதனால் உறுதிப்பட்டுவிடலாம். கோட்டின் சொல்லை 'உணவாவது' என்று எழுதி, நத்தையிலிருந்து ஆரம்பிப்பது ஒரு தீர்வு: நத்தை உணவாவது நாரைக்கு. அம்பும் ஆற்றலும் ஒரே திசையில் போகும். வகுப்பு முழுவதும் ஒரே வழக்கத்தைப் பின்பற்றச் சொல்வது நல்லது.

இந்தப் பாடம் எங்கே தோற்கும்? முதல் இடம், ஜோடியில் இருவருமே ஒரே தவறை நம்பும்போது. எரு என்றால் செடியின் சாப்பாடு என்று இருவரும் நினைத்தால், 'எப்படி?' என்ற கேள்விக்கே அங்கே வேலை இல்லை. இருவரும் தலையாட்டிவிட்டு அடுத்த கோட்டுக்குப் போய்விடுவார்கள். பிள்ளைகளின் பேச்சு முரண்பாட்டைக் காட்டிக்கொடுக்கும், புதிய அறிவைத் தானாக உண்டாக்கிவிடாது. யூரிக் அமிலத்தைப் பற்றி எவ்வளவு நேரம் விவாதித்தாலும் அவர்களாகவே கண்டுபிடிக்க முடியாது. அதனால் ஆசிரியர் வரிசைகளுக்கு நடுவே நடந்து கோடுகளைப் படித்துக்கொண்டே போக வேண்டும். கட்டங்களைப் பார்க்கத் தேவையில்லை. 'தொடர்பு', 'சார்ந்தது', 'முக்கியம்', 'பயன்' போன்ற சொற்கள் கோட்டின் மேல் இருந்தால் அங்கே நிற்கலாம். எல்லாவற்றுக்கும் பொருந்தும் சொல் அது, தெரியாததை மறைக்கப் பிள்ளைகள் அதைத்தான் பயன்படுத்துவார்கள்.

இரண்டாவது, வாய் அதிகமுள்ள பிள்ளை. தவறாக இருந்தாலும் உரக்கச் சொல்கிறவர் பக்கம் சரியாக வரைந்த பிள்ளை சாய்ந்துவிடும். தன் கோட்டை அழித்தும் விடும். இதற்குத்தான் திருத்தங்களை வேறு நிறத்தில் போடச் சொல்வது. பென்சில் கோடு அப்படியே இருக்க, சிவப்பில் புதுக் கோடு. முன்பு என்ன நினைத்தது, இப்போது என்ன நினைக்கிறது என்பது ஒரே தாளில் தெரியும். சரியானதைத் தவறாக மாற்றியிருந்தால் அதுவும் தெரியும். கேட்பவர் வெறுமனே 'சரி, சரி' என்று சொல்லித் தப்பிக்காமல் இருக்க, கேட்ட விளக்கத்தைத் தன் சொந்தச் சொற்களில் ஒருமுறை திருப்பிச் சொல்ல வைக்கலாம்.

இப்போது புத்தகத்தை மூடச் சொன்ன காரணத்துக்கு வருகிறேன். 2011இல் அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜெஃப்ரி கார்ப்பிக், ஜனெல் பிளண்ட் இருவரும் 'சயின்ஸ்' இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கடல் நீர்நாய்கள் பற்றிய ஒரு கட்டுரையைக் கல்லூரி மாணவர்களிடம் கொடுத்து, ஒரு குழுவினரைக் கட்டுரையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கருத்து வரைபடம் வரையச் சொன்னார்கள். இன்னொரு குழுவினர் படித்துவிட்டு, தாளை மூடிவைத்து, நினைவில் இருப்பதை எல்லாம் எழுதினார்கள். பிறகு மறுபடி படித்து, மறுபடி எழுதினார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது, நினைவிலிருந்து எழுதியவர்களே கணிசமாக முந்தினார்கள். அதைத் தொடர்ந்த சோதனையில் தேர்வையே கருத்து வரைபடமாக வைத்தபோதும் அதே கதைதான்.

கருத்து வரைபடத்தின் ஆதரவாளர்களுக்கு இது கசந்தது. ஆனால் அந்த ஆய்வு சொல்வது வரைபடம் வீண் என்பதல்ல. புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு வரைந்தால் அது பிரதி எடுக்கும் வேலையாகிவிடும் என்பதே. மூடிவைத்து வரைந்தால் வரைவதே நினைவுகூர்தல். அதைத் தோழியிடம் சொல்வது இரண்டாம் முறை நினைவுகூர்தல். அதன் பிறகு புத்தகத்தைத் திறந்து சரிபார்த்தால் சிவப்புக் கோடுகள் இன்னும் சில விழும். இந்த வரிசையை மாற்றக் கூடாது.

மதிப்பெண் எப்படிப் போடுவது என்று ஆசிரியர்கள் கேட்பார்கள். நோவாக்கும் பாப் கோவின் என்பவரும் 1984இல் எழுதிய நூலில் ஒரு கணக்குக் கொடுத்தார்கள்: சரியான ஒவ்வோர் இணைப்புக்கும் 1, மேலிருந்து கீழாகப் படிநிலை ஒவ்வொன்றுக்கும் 5, படத்தின் ஒரு பகுதியை இன்னொரு பகுதியோடு சேர்க்கும் பொருத்தமான குறுக்கு இணைப்புக்கு 10, எடுத்துக்காட்டுக்கு 1. குறுக்கு இணைப்புக்குப் பத்து என்பது நியாயம். எச்சத்துக்கும் நெல் வயலுக்கும் போகும் கோடு அப்படிப்பட்டது. ஆனால் படிநிலைக்கு ஐந்து என்பது ஏரிக்குச் சரிப்படாது என்பது என் கருத்து. விலங்குகளை வகைப்படுத்தும் பாடத்துக்கு மேல், கீழ் உண்டு. வட்டமாகச் சுற்றும் ஏரியில் எது மேல், எது கீழ்? அந்தக் கணக்கைப் பின்பற்றினால், சுழற்சியைக் கண்டுபிடித்த பிள்ளையைவிட அழகாகப் படிக்கட்டு அடுக்கிய பிள்ளைக்கு அதிகம் கிடைத்துவிடும். நான் ஆசிரியராக இருந்தால் ஐந்து கோடுகளை மட்டும் தேர்ந்தெடுத்து, அவற்றைப் பற்றிப் பிள்ளை எழுதிய அல்லது சொன்ன வாக்கியங்களைப் பார்ப்பேன். தவறான வாக்கியத்துக்கு ஒன்றுமில்லை, சரியாக இருந்தும் காரணம் இல்லாததற்கு ஒன்று, காரணத்தோடு இருந்தால் இரண்டு.

நம் அறிவியல் பாடநூல்களில் பாடத்தின் முடிவில் கருத்து வரைபடம் அச்சிட்டே வந்துவிடுகிறது. திருப்புதலுக்கு அது பயன்படும். ஆனால் அதைப் பார்த்து நோட்டில் வரைந்துவரச் சொல்வதற்கும் ஒரு பத்தியை நகல் எடுக்கச் சொல்வதற்கும் வித்தியாசம் இல்லை. அந்தப் பக்கத்துக்கு வரும் முன்பே, வெற்றுத் தாளில் ஒருமுறை பிள்ளைகளை வரைய விடுங்கள். இரண்டு பாடவேளை கிடைக்கவில்லை, ஒன்றுதான் கிடைக்கிறது என்றால் சீட்டுகளை ஏழாகக் குறைத்துக்கொள்ளுங்கள். பேச்சுக்கான நேரத்தைக் குறைக்காதீர்கள்.